சோபாவில் பூனை மூத்திரமா? சென்ட் அடிக்காதீர்கள்

ரூம் ஸ்பிரே அடித்தால் பூனை மூத்திர வாடை அன்றைக்கு மறையும். மழைக்கால ஈரக்காற்று பட்டதும் திரும்பிவிடும். மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாமல் சோபா பஞ்சுக்குள் படிகமாகத் தங்குவதே காரணம். அதைச் சிதைக்க என்சைம் கிளீனர் வேண்டும்.

முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள்; தேய்த்தால் உள்ளே இறங்கும். பிறகு மூத்திரம் போன ஆழம் வரை ஊறும்படி கிளீனரை ஊற்றுங்கள். மேலாகத் தெளித்துவிட்டு, 'இது வேலைக்காகாது' என்பவர்கள்தான் அதிகம். என்சைம் ஈரத்தில்தான் வேலை செய்யும். அதனால் பிளாஸ்டிக் தாளால் சில மணி நேரம் மூடிவைத்து, பின் தானாகக் காயவிடுங்கள். இடையில் வாடை கூடலாம். முழுக்கக் காய்ந்த பிறகும் அடித்தால் மறுபடி ஊற்றுங்கள்.

டைல்ஸ் தரையில் இடுக்குகளைக் கவனித்தால் போதும். பினாயிலும் பிளீச்சும் என்சைமைக் கெடுத்துவிடும். பினாயில் பூனைக்கும் ஆகாது.