பார்சல் யார் கையில் இருக்கிறது?

சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ கூரியரில் போட்ட பார்சல் சென்னை விமான நிலையத்துக்கு வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. அங்கிருந்து மதுரைக்கோ மன்னார்குடிக்கோ போவதற்குள்தான் பாடு படுத்திவிடுகிறது. "உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது, அடையாள ஆவணம் தேவை" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். உடனே வீட்டில் எல்லோருக்கும் படபடப்பு. தப்பான பொருள் ஏதும் வைத்து அனுப்பிவிட்டானோ, அபராதம் போடுவார்களோ என்று பெரியவர்கள் தூக்கம் கெட்டுப்போகிறார்கள்.

அப்படிப் பயப்படத் தேவையில்லை. ஆவணம் இல்லாமல் நிற்கிற பார்சல்கள் பலவற்றைச் சுங்க அதிகாரி இன்னும் கையில் எடுத்திருக்கவே மாட்டார். நடைமுறை இதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் கூரியர் பார்சலுக்கு நாம் நேரில் போய்க் கணக்குக் காட்டுவதில்லை. சுங்கத்துறையில் பதிவுபெற்ற கூரியர் நிறுவனம் நம் சார்பில் 'பில் ஆஃப் என்ட்ரி' என்ற இறக்குமதி அறிக்கையைத் தாக்கல் செய்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, என்ன மதிப்பு, யாருக்கு வருகிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அது தாக்கலான பிறகே அதிகாரி வரியைக் கணக்கிட்டு, வேண்டுமானால் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, வெளியே விட உத்தரவு போடுகிறார். பெறுபவரின் அடையாளம் கையில் இல்லாதபோது கூரியர் நிறுவனம் அந்த அறிக்கையைத் தாக்கல் செய்யாமல் நிறுத்தி வைத்துக்கொள்ளும். பெட்டி கிடப்பது சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கு என்பதால் 'கஸ்டம்ஸில் நிற்கிறது' என்பதும் பொய்யில்லை. ஆனால் அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டியது கூரியர் நிறுவனம்.

ஆகவே கூரியர் அலுவலகத்துக்குப் போன் செய்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் அதன் எண்ணும் தேதியும் கொடுங்கள்." எண் இல்லையென்றால் பேச்சு உங்களுக்கும் கூரியர் நிறுவனத்துக்கும் இடையில்தான். ஆவணத்தைக் கொடுத்துவிட்டால் காரியம் நகரும். எண் இருந்தால் அதிகாரி ஏதோ கேட்டிருக்கிறார் என்று பொருள். அவர் எழுப்பிய கேள்வி என்ன என்பதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். இந்த வேறுபாடு தெரியாமல், எதிர்முனையில் யாரென்றே தெரியாதவரிடம் ஆதார் நகலை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கூரியர்காரர்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள்? கூரியர் இறக்குமதிக்கென்று 1998-லும், மின்னணு முறைக்கென்று 2010-லும் விதிகள் வந்தன. பெறுபவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், அவர் யார், அந்த முகவரியில் உண்மையிலேயே இருக்கிறாரா என்று நம்பத்தகுந்த ஆவணத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்பது அவற்றில் நிறுவனத்தின் கடமை. போலிப் பெயரில் தங்கமோ போதைப்பொருளோ வந்து மாட்டினால், ஏன் சரிபார்க்கவில்லை என்ற கேள்வி நிறுவனத்தின் மீது பாயும். அதன் பதிவே ரத்தாகலாம். கேஒய்சி படிவத்தில் "என் சார்பில் சுங்கப் பணியைச் செய்ய ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருப்பதும் இதனால்தான். அதில் கையெழுத்துப் போடாமல் ஆதார் நகலை மட்டும் அனுப்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

ஆவணத்தை அனுப்புவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பார்சல் பிடிபட்டது என்று சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகிவிட்டன. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். அனுப்பியவரிடம் ஏர்வேபில் எண்ணை வாங்கி, கூரியர் நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். பார்சல் உண்மையென்றால் அங்கே தெரியும். ஆவணத்தை ஏற்றும் வழியும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஓடிபி வந்தால், நீங்களாகத் திறந்த அந்தத் தளத்தில் மட்டும் போடுங்கள். போனில் யாருக்கும் சொல்லக் கூடாது. தனிநபர் கணக்குக்கு வரி கட்டச் சொன்னாலோ, வீடியோ அழைப்பில் 'கைது' என்று மிரட்டினாலோ அது மோசடிதான். 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். விசாரணை, சம்மன் என்று சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கிறது. அது உண்மையா என்பதை esanchar.cbic.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஆவணத்துக்கு வருவோம். ஆதார்தான் வேண்டும் என்றில்லை. பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்றைக் கொடுக்கலாம். பான் அட்டையில் முகவரி கிடையாது. அதைக் கொடுத்தால் முகவரிக்கு இன்னொன்று கேட்பார்கள். ஆதார் கொடுத்தால் இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஏற்பார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். எதைக் கொடுத்தாலும் நகலின் குறுக்கே ஏர்வேபில் எண், தேதி, "இந்தப் பார்சலின் சுங்கப் பணிக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவது நல்லது. அந்த நகல் வேறு கைக்குப் போனாலும் சிம் வாங்கவோ கடன் வாங்கவோ எளிதில் பயன்படாது.

நம் ஊரில் ஆவணம் இருந்தும் பார்சல் நிற்பதற்குப் பெரிய காரணம் பெயர். நமக்குத் தந்தை பெயர் முன்னெழுத்தாக நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அதுவே முழுப் பெயராக விரிந்து பின்னால் போய்விடுகிறது. ஆதாரில் முன்னெழுத்து முன்னாலோ பின்னாலோ இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. போதாக்குறைக்குப் பிள்ளைகள் வீட்டில் கூப்பிடும் பெயரையே பார்சலில் எழுதிவிடுகிறார்கள்.

மதுரையில் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து மகன் ஒரு ஜோடி நடைக்காலணியும் இரண்டு புடவையும் அனுப்புகிறான். பெறுபவர் பெயர் 'செல்வி அம்மா' என்று எழுதி, போன் எண் இருக்கும் இடத்தில் தன் சிங்கப்பூர் எண்ணையே கொடுத்துவிடுகிறான். கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்டு அனுப்பும் செய்தி அந்த எண்ணுக்குப் போகிறது, அவன் கவனிக்கவில்லை. அம்மா விசாரித்து ஆதாரை அனுப்பினால் அதில் 'ரா. தமிழ்ச்செல்வி' என்றிருக்கிறது. இரண்டும் ஒருவர்தான் என்று கூரியர் ஊழியருக்கு எப்படித் தெரியும்? பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இங்கே தாய் இன்னொரு அட்டையைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. திருத்த வேண்டியது பார்சலில் உள்ள பெயரை. அதை அனுப்பியவன்தான் செய்ய முடியும். மகன் சிங்கப்பூரில் பார்சலைப் போட்ட கிளைக்கு ஏர்வேபில் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்: பெறுபவர் பெயரை ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றுங்கள், போன் எண்ணை அம்மாவின் எண்ணாக மாற்றுங்கள், இருவரும் ஒருவரே என்று. அதே அஞ்சலின் நகல் சென்னைக் கிளைக்கும் போக வேண்டும். தாய் தன் பங்குக்கு ஆதார் நகல், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், பில் ஆகியவற்றை ஒரே அஞ்சலில் அனுப்பி, பொருள் வரியில் ஏர்வேபில் எண்ணை எழுத வேண்டும். துண்டு துண்டாகப் போகிற அஞ்சல்கள் வேறு வேறு ஊழியர்களிடம் சிக்கிக்கொள்கின்றன. முன்னெழுத்து மட்டும் மாறியிருந்தால் இத்தனை தூரம் போகாமல், இரண்டு வடிவமும் தெரியும்படி பாஸ்போர்ட் நகலையும் சேர்த்துக் கொடுத்தாலே ஏற்றுக்கொள்வதுண்டு. வீடு மாறி முகவரி பொருந்தவில்லை என்றால் மின்கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ கைகொடுக்கும்.

பெயர் தீர்ந்ததும் மதிப்பு வரும். 'அன்பளிப்பு, வணிக மதிப்பில்லை' என்று எழுதினால் வரி கிடையாது என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். 2019 டிசம்பர் 12-க்குப் பிறகு அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, அன்பளிப்பு என்று சொல்லி வரிவிலக்கில் கொண்டுவர முடியாது. உரிய வரியைக் கட்டிக் கொண்டுவரலாம். வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. விமானக் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. மகன் வாங்கிய பொருள் 5,000 ரூபாய், கூரியருக்குக் கட்டியது 3,000 ரூபாய் என்றால் 8,000-க்கு வரி போடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். விமானத்தில் வரும் பொருளுக்குக் கட்டணமாகச் சேர்ப்பது பொருள் விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மதிப்பீட்டு விதி. ஆக 1,000 ரூபாய்தான் சேரும். காப்பீடு எவ்வளவென்று தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 56 ரூபாய் 25 காசு. வரி கணக்கிடும் அடிப்படை 6,056 ரூபாய் 25 காசு. கடை பில்லும் பணம் கட்டிய சான்றும் இருந்தால் இந்தக் கணக்கு சிக்கலின்றி முடியும். பில் இல்லாமல் 100 ரூபாய் என்று எழுதிவிட்டால் அதிகாரி மதிப்பைச் சந்தேகிப்பார், பெட்டி பிரிக்கப்படும், நாட்கள் ஓடும்.

அடையாளம் கொடுத்தும் வெளிவராத பொருள்களும் உண்டு. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் நாட்டில் தடை. தன் உபயோகத்துக்கான மருந்தைத் தருவிக்க மருத்துவர் சீட்டும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதியும் வேண்டும். அங்கே ஆதார் உதவாது.

வரியைப் பல நிறுவனங்கள் தாங்களே கட்டிவிட்டு, வீட்டுக்கு வரும்போது கட்டணத்தோடு வாங்கிக்கொள்கின்றன. அந்தச் சேவைக் கட்டணம் அரசு வரி இல்லை. இரண்டும் தனித்தனியாக எவ்வளவு என்று கேட்டு, வரி விதித்த பில் ஆஃப் என்ட்ரியின் நகலையும் வாங்கி வையுங்கள். வரியைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்கு 60 நாள் அவகாசம். அந்த நகல் இல்லாமல் அதை எழுதவே முடியாது.

தாமதத்துக்கும் விலை உண்டு. தொடக்கத்தில் சில நாட்கள் போனபின் கிடங்குக் கட்டணம் ஏறத் தொடங்கும், அது எத்தனை நாள் என்பதை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். வந்து 30 நாளாகியும் விடுவிக்கப்படாத பொருளை, நோட்டீஸ் கொடுத்து விற்றுவிடச் சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இடம் தருகிறது. வரியும் கிடங்குக் கட்டணமும் சேர்ந்து பொருளின் விலையைத் தொட்டுவிட்டால், விடுவிப்பு உத்தரவு வருவதற்கு முன்பே 'எனக்கு இந்தப் பொருள் மீது உரிமை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம். குற்றம் ஏதும் நடக்காத பார்சலுக்கு 23-ஆம் பிரிவு இந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அப்படிக் கொடுத்தால் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் பொருளை அனுப்பியவரிடமே திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அது வேறு விண்ணப்பம், போகிற செலவும் அனுப்பியவர் தலையில்தான் விழும். எது கட்டுப்படியாகும் என்பதை மகனிடம் கலந்து பேசி, கிடங்குக் கட்டணம் ஏறுவதற்குள் முடிவெடுங்கள்.