தண்ணீர் வரும் நேரமும் இயந்திரத்தின் கணக்கும்

தானியங்கி சலவை இயந்திரத்தின் முகப்பில் Delay Start அல்லது Delay End என்று எழுதப்பட்ட ஒரு பொத்தான் இருக்கும். துணியையும் சோப்புத்தூளையும் இப்போது போட்டுவிட்டு, சலவையைச் சில மணி நேரம் கழித்து நடத்தச் சொல்வதுதான் அதன் வேலை. பிரிட்டனில் இரவின் 7 மணி நேரத்துக்கு மின்சாரத்தைக் குறைந்த விலையில் தரும் கட்டணமுறை ஒன்று உண்டு. அத்தகைய நாடுகளில் இந்தப் பொத்தான் பணத்தை மிச்சப்படுத்துகிறது. நம் வீடுகளில் அதன் பயன் வேறு.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம், இரு மாதங்களில் செலவான மொத்த யூனிட்டுகளின் படிநிலையைப் பொறுத்தது. துணியை நள்ளிரவில் துவைத்தாலும் நண்பகலில் துவைத்தாலும் கட்டணம் ஒன்றே. மத்திய அரசு 2023-இல் திருத்திய மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி மிகுந்த பகல் நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் குறைவாகவும், உச்சத் தேவை நேரத்தில் அதே அளவு கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. இதற்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். அது வந்துவிட்டதாகவே கொள்வோம். ஒரு சலவைக்கு ஒரு யூனிட், யூனிட் 6 ரூபாய் என்றால், 20 சதவீதச் சலுகையில் மிச்சம் 1 ரூபாய் 20 காசு. மாதம் 15 சலவைக்கு 18 ரூபாய். நீரைச் சூடாக்காமல் துவைப்பவர்களுக்கு அதுவும் மிஞ்சாது. 18 ரூபாய்க்காக யாரும் தங்கள் நாளை மாற்றி அமைப்பதில்லை.

ஆனால், தண்ணீருக்காக மாற்றி அமைக்கிறார்கள். விலையால் பங்கிடப்படாத பொருள் காத்திருப்பால் பங்கிடப்படும் என்று வகுப்பில் பல ஆண்டுகள் நான் சொல்லிக் கொடுத்ததுண்டு. குழாயில் தண்ணீர் விடியற்காலை 4 மணிக்கு வரும் தெருவில், அந்த விலையைச் செலுத்துவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உறக்கம். இந்தப் பொத்தானால் அதில் ஒரு பகுதியை மீட்க முடியும். ஆனால், இயந்திரத்துக்குத் தண்ணீர் வரும் நேரம் தெரியாது, கடிகார நேரமும் பெரும்பாலும் தெரியாது. எத்தனை மணி நேரம் என்று மட்டுமே அது எண்ணுகிறது. நேரத்தை நாம்தான் கணக்கிட வேண்டும்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். 4 மணிக்கு வரும் தண்ணீர் கீழ்நிலைத் தொட்டியில் விழுகிறது. தானாக இயங்கும் மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. 5 மணிக்குத் தொட்டி நிறைந்துவிடும். 7 மணி முதல் ஒவ்வொருவராகக் குளிப்பார்கள். ஆகவே, சலவைக்கு உகந்த இடைவெளி 5 முதல் 7 வரை. நாங்கள் பயன்படுத்தும் சலவை முறைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. இரவு 10 மணிக்குப் பொத்தானை அழுத்துவதாக இருந்தால், எந்த எண்ணை வைப்பது?

இயந்திரம் Delay Start வகை என்றால் 7. பத்து மணியிலிருந்து 7 மணி நேரம் கழித்து, 5 மணிக்குச் சலவை தொடங்கி 6.45-க்கு முடியும். Delay End வகை என்றால் 9. அங்கே எண் குறிப்பது முடியும் நேரத்தை. காலை 7-க்கு முடிக்க வேண்டுமென்று இயந்திரம் தானே கழித்துப் பார்த்து 5.15-க்குத் தொடங்கும்.

இந்த வேறுபாடு எதிர்வீட்டில் நடந்த ஒன்றால் தெளிவாகும். அங்கே வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மருமகள், முன்பிருந்த இயந்திரத்தின் பழக்கத்தில், புதிய இயந்திரத்திலும் 7 என்றே வைத்தார். புதியது Delay End வகை. 5 மணிக்கு முடிக்க வேண்டி அது 3.15-க்கே ஓடத் தொடங்கியது. தொட்டியில் எஞ்சியிருந்த நீர் சோப்பு நீருக்குப் போதுமானதாக இருந்தது, அலசலுக்கு இல்லை. காலையில் நுரையோடு கிடந்த துணியும், திரையில் IE என்ற எழுத்துகளுமே மிச்சம். தண்ணீர் உள்ளே வரவில்லை என்பது அதன் பொருள். வேறு சில இயந்திரங்கள் இதையே 4C என்று காட்டும். தண்ணீர் வந்தபின் தொடக்கப் பொத்தானை மீண்டும் அழுத்த, அலசல் விட்ட இடத்திலிருந்து நடந்தது.

முகப்பில் எழுத்து தெளிவாக இல்லாவிட்டால் சோதித்துப் பார்க்கலாம். ஓய்வான ஒரு பகலில், அனுமதிக்கப்படும் மிகச் சிறிய எண்ணை வைத்து, தண்ணீர் விழும் ஓசை எப்போது கேட்கிறது என்று கவனித்தால் போதும். அந்த எண் 3 ஆக இருந்து, ஒன்றேகால் மணி நேரத்திலேயே தண்ணீர் விழுந்தால் அது முடியும் நேரத்தை எண்ணும் இயந்திரம்.

அடுத்த சோதனை மின்தடைக்கானது. எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர் சுவிட்சை நிறுத்தி, 10 நிமிடம் கழித்துப் போட வேண்டும். சில இயந்திரங்கள் விட்ட இடத்திலிருந்து எண்ணும். சில எல்லாவற்றையும் மறந்துவிடும். நினைவு வைத்திருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நள்ளிரவில் 40 நிமிடம் மின்சாரம் போனால் எண்ணிக்கையும் 40 நிமிடம் நின்றுவிடலாம். அப்போது, 5 மணிக்குத் தொடங்க வேண்டியது 5.40-க்குத் தொடங்கி 7.25 வரை ஓடும். குளிப்பவர்களும் இயந்திரமும் ஒரே தொட்டிக்குப் போட்டியிடுவார்கள்.

அந்தப் போட்டி சிறியதன்று. மேலிருந்து துணி போடும் 7 கிலோ இயந்திரம், ஒரு சோப்பு நீரும் இரண்டு அலசலுமாக, ஒரு சலவைக்கு 100 முதல் 150 லிட்டர் வரை எடுத்துக்கொள்ளும். முன்பக்கக் கதவுள்ளவை ஏறக்குறைய அதில் பாதியில் முடித்துவிடும். தொட்டியில் நீர் குறையக் குறைய அழுத்தமும் குறைவதால் நிரம்பும் நேரம் நீண்டு, திரையில் காட்டிய நேரத்தைத் தாண்டியும் சலவை போகும். அரை மணி இடைவெளி விடுவது நல்லது. நீர் போதுமான அளவு இருந்தும் அடிக்கடி நேரம் நீண்டால், குழாய் இயந்திரத்தில் சேரும் இடத்திலுள்ள சிறு சல்லடையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வண்டல் அங்கேதான் அடைக்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும்.

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். அறிவிப்பு பெரும்பாலும் காலை 9 மணி முதல் என்றிருக்கும். 5-க்குத் தொடங்கும் சலவை அதற்குள் முடிந்துவிடும். முன்கூட்டியே அறிவித்த தடைக்கு ஏற்ப ஒரு குடும்பம் தன்னை அமைத்துக்கொள்ள முடியும். அறிவிக்காத தடைக்கு எந்தப் பொத்தானும் உதவாது. தண்ணீருக்கும் இதுவே பொருந்தும். எப்போது வரும் என்று தெரியாத 3 மணி நேரத் தண்ணீரைவிட, சொன்ன நேரத்தில் வரும் ஒன்றரை மணி நேரத் தண்ணீரே மேல் என்பேன். நீர் வழங்கும் அமைப்புகள் அளவைக் கூட்டுவது குறித்துப் பேசும் அளவுக்கு நேரத்தைக் காப்பது குறித்துப் பேசுவதில்லை.

இரவிலேயே துணி போடுவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஈரத்துணியை உள்ளே போட்டு மணிக்கணக்கில் காக்க வைத்தால் வாடை வரும். உலர்ந்த துணியே போட வேண்டும். சோப்பு அறையில் திரவ சோப்பை ஊற்றினால் அது காத்திருக்கும் நேரத்திலேயே வழிந்து இறங்கிவிடக்கூடும். தூள் அப்படி இறங்காது. தண்ணீர் முறை மாறிவிட்டதாகத் தெருவில் பேச்சு அடிபடும் நாள்களில் எங்கள் வீட்டில் பொத்தானைத் தொடுவதில்லை. மாடித் தொட்டி நிறைந்து வழியும் ஓசை கேட்டபின் கையாலேயே தொடங்குகிறோம்.