வளையத்தைச் சுற்றும் ஆறு எலக்ட்ரான்கள்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இயங்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வளர்த்தெடுத்த திண்ம உந்துபொருளில், அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும் ரப்பரை ஒத்த பாலிபியூட்டாடையீன் பிணைப்பிக்குள் இறுகிக் கிடக்கின்றன. இவ்வகைக் கலவைகளின் எரிவேகத்தைக் கூட்ட உதவுவதாக அறியப்பட்ட வினையூக்கிகளுள் ஃபெரோசீனும் அதன் வழிப்பொருள்களும் அடங்கும். 1951இல் வெளியுலகுக்குத் தெரியவந்த, நிலைத்தன்மை மிக்க இந்த ஆரஞ்சு நிறத் திண்மத்தில் ஓர் இரும்பணு இரண்டு ஐங்கார்பன் வளையங்களுக்கு நடுவே அமர்ந்திருக்கிறது. ஆனால் அந்த வளையத்தின் மூலப்பொருளான சைக்ளோபென்டாடையீன், அறை வெப்பநிலையில் விட்டுவைத்தால் தன்னோடு தானே இணைந்து இருபடியாகிவிடும் அளவுக்கு நிலையற்றது.

இந்த முரணுக்கு விடை பை எலக்ட்ரான்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. வளையத்தளத்துக்கு மேலும் கீழும் பரவிய p ஆர்பிட்டால்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து, வளையமும் தட்டையாக இருந்து, அவற்றிலுள்ள எலக்ட்ரான்கள் 2, 6, 10 என 4n+2 வரிசையில் அமைந்தால் அது அரோமேட்டிக் வளையம். அதே அமைப்பில் 4, 8 என 4n வந்தால் நிலைகுலைந்த எதிர் அரோமேட்டிக். தொடர்ச்சியோ தட்டைத்தன்மையோ இல்லையெனில், எண்ணிக்கை எதுவாயினும் அரோமேட்டிக் அல்லாதது. 1931இல் எரிக் ஹக்கல் தொடங்கிவைத்த கணக்கீடுகளிலிருந்து பிறந்த விதி இது.

சைக்ளோபென்டாடையீனின் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் நான்கு எலக்ட்ரான்களைத் தருகின்றன. எனினும் ஐந்தாவது கார்பன் இரு ஹைட்ரஜன்களைத் தாங்கி நான்கு ஒற்றைப் பிணைப்புகளில் செலவாகிவிடுவதால் அங்கே p ஆர்பிட்டால் இல்லை, சுற்று அறுபடுகிறது. அக்கார்பனிலிருந்து ஒரு புரோட்டானை மட்டும் பிடுங்கினால், விட்டுச்சென்ற எலக்ட்ரான் இணை p ஆர்பிட்டாலுக்குள் புகுந்து மொத்தம் ஆறாகிறது. அதனால்தான் இந்த ஹைட்ரோகார்பனின் pKa மதிப்பு ஏறத்தாழ 16, அதாவது ஆல்கஹாலுக்கு நிகர். பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கொண்டே அந்த எதிரயனியைப் பெற்று ஃபெரோசீன் தயாரிக்க முடிகிறது.

ஏழு கார்பன் வளையத்தில் கதை தலைகீழ். சைக்ளோஹெப்டாட்ரையீனில் மூன்று இரட்டைப் பிணைப்புகளின் ஆறு எலக்ட்ரான்கள் முன்பே உள்ளன. எனவே தேவைப்படுவது இன்னோர் இணை அன்று, காலியான ஒரு p ஆர்பிட்டால். புரோட்டானுக்குப் பதில் ஹைட்ரைடை, அதாவது இணை எலக்ட்ரான்களுடன் ஹைட்ரஜனை, நீக்கினால் அது கிடைத்துவிடுகிறது. இவ்வாறு உருவாகும் ட்ரோபிலியம் நேரயனியின் புரோமைடு, 1954இல் டோரிங், நாக்ஸ் இருவரும் காட்டியபடி, கரிமப் பொருளைப் போலன்றி உப்பைப் போல நடந்துகொள்கிறது: நீரில் கரைகிறது, ஈதரில் கரைவதில்லை, சில்வர் நைட்ரேட்டுடன் உடனே வெளிர்மஞ்சள் வீழ்படிவு தருகிறது. மாறாக, ஐங்கார்பன் வளையத்தின் அயோடைடு வெள்ளி அயனியைக் கண்டும் அசைவதில்லை. அயோடைடு பிரிந்தால் வளையத்தில் எஞ்சுவது நான்கு எலக்ட்ரான்களே.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் சறுக்குமிடம் சைக்ளோஆக்டாடெட்ராயீன். அதில் எட்டு எலக்ட்ரான்கள் இருந்தும் அது எதிர் அரோமேட்டிக் அன்று. வளையம் தொட்டி வடிவில் வளைந்து, அந்த அவதியிலிருந்து நழுவிவிடுகிறது. பொட்டாசியத்திடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றுப் பத்தாகும்போதுதான் அது தட்டையாகிறது.