வெள்ளிக்கிழமைச் சம்பளமும் 53ஆவது வாரமும்

52 வாரங்களுக்கு 364 நாள்கள்தான். ஆண்டில் இன்னும் ஒரு நாள் மிச்சம். லீப் ஆண்டென்றால் இரண்டு. அந்த மிச்ச நாள் சம்பளக் கிழமையில் விழுந்தால், வாரச் சம்பளக்காரருக்கு 53 சம்பளம் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் பல நிறுவனங்கள் வெள்ளிக்கிழமையே பட்டுவாடா செய்கின்றன. 2027 ஜனவரி 1ம் வெள்ளி, டிசம்பர் 31ம் வெள்ளி. அந்த ஆண்டில் 53 வெள்ளிகள்!

இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு வழக்கமாக ஆண்டில் 26 சம்பளம். மாதத்துக்கு இரண்டென்றால் 24தான். மீதி இரண்டும் ஏதோ இரு மாதங்களில் மூன்றாவதாக வந்து சேரும். எந்த மாதங்கள் என்பது முதல் தேதியைப் பொறுத்தது. 2026இல் ஜனவரி 2 அன்று தொடங்கினால் ஜனவரியும் ஜூலையும். ஜனவரி 9 என்றால் மே, அக்டோபர். வீட்டு வாடகை மாதம் ஒருமுறைதான் என்பதால், மூன்றாவது சம்பளம் கடனை அடைக்க நல்ல வாய்ப்பு.

ஜனவரி 2 அட்டவணையில் ஒரு சிக்கலும் உண்டு. அதன் அடுத்த சுற்று 2027 ஜனவரி 1இல் விழுகிறது. அன்று வங்கி விடுமுறை. சம்பளத்தை முந்தைய நாளே, டிசம்பர் 31இல் கொடுத்தால், 2026இன் கணக்கில் 27 சம்பளம் ஆகிவிடும். ஆண்டுக்கு 52,000 டாலர் என்று பேசியவருக்கு 2,000 வீதம் 27 முறை போனால் மொத்தம் 54,000. நிறுவனம் அதை ஏற்கலாம். அல்லது 27ஆல் வகுத்து 1,925.93 டாலராகக் குறைக்கலாம். குறைப்பதானால் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஊழியரிடம் சொல்லிவிடுவதே நியாயம்.