மினிமம் டியூ கட்டினால் போதுமா?

கிரெடிட் கார்டு பில் மாதாமாதம் 10ஆம் தேதி போடப்படுகிறது, கெடு 30ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். மே 15 அன்று 20,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஜூன் 10 பில்லில் அது வரும். ஜூன் 30க்குள் முழுத்தொகையையும் கட்டினால் வட்டியே இல்லை.

மினிமம் டியூவான 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் மட்டும் கட்டினால்? தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி ஜூலையிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய மே 15இலிருந்தே கணக்காகும். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், ஜூலை பில்லில் ஜிஎஸ்டியுடன் சுமார் 1,500 ரூபாய் ஏறியிருக்கும். கட்டியதைவிடக் கடன் கூடியிருக்கிறது! இதைவிடக் கொடுமை, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. முழுப்பணம் இல்லையென்றால், கெடுவரை காத்திராமல் இயன்றதை முன்கூட்டியே கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில்தான் ஓடுகிறது.