கூட்டம் கலைந்த பிறகு போகிற கடிதம்

ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. மாடியில் விழும் மழைநீரை நிலத்துக்குள் இறக்குவது எப்படி என்று நான்கு பேர் பேசினார்கள். எங்கள் ஊர் நூலக அரங்கில் 128 பேர் மாலை வரை உட்கார்ந்து கேட்டார்கள். அன்று இரவே நன்றிக் கடிதமும் பேச்சாளர்களின் ஸ்லைடுகளும் மின்னஞ்சலில் போய்விட்டன. திங்கள் காலை பெட்டியைத் திறந்தால் அனுமதி கேட்டு 41 மின்னஞ்சல்கள் வந்து கிடந்தன. இணைப்பைத் தொட்டவர் யாருக்கும் கோப்பு திறக்கவில்லை. கூகுள் டிரைவில் அந்தக் கோப்புறை Restricted என்ற நிலையிலேயே இருந்தது. அதை Anyone with the link என்றும் Viewer என்றும் மாற்ற வேண்டும் என்பது அனுப்பிய எனக்குத் தோன்றவே இல்லை. என் கணினியில்தான் அது திறந்ததே!

பெரிய தவறு வேறொன்று. எல்லோருடைய முகவரியையும் To கட்டத்தில் போட்டிருந்தேன். 128 பேரின் முகவரியும் 128 பேருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நாளில், அதே பட்டியலை எடுத்து ஒருவர் தண்ணீர்த் தொட்டி விற்பனை விளம்பரம் அனுப்பினார். “எங்க நம்பரையும் கொடுத்துட்டீங்களா சார்?” என்று ஓர் அம்மா போனில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு இந்தக் கடிதத்தைக் கூட்டத்தின் கடைசி வேலையாக நினைப்பதை விட்டுவிட்டேன். கூட்டம் நடக்கும்போதே அது தொடங்கிவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் அரங்கின் ஓரமாக ஒருவரை நோட்டுடன் உட்கார வைத்தோம். மேடையில் யார் எதைத் தருவதாகச் சொன்னார் என்று குறிப்பது மட்டும்தான் அவர் வேலை. வடிகட்டிக் குழியில் கூழாங்கல், கருங்கல் ஜல்லி, மணல் ஆகியவற்றை எந்த அளவில் நிரப்புவது என்று ஒருவர் கேட்டார். பேச்சாளர், “களிமண் தரைக்கு வேறு கணக்கு, எழுதி அனுப்புகிறேன்” என்றார். இன்னொருவர் தன் கணக்குத் தாளைத் தருவதாகச் சொன்னார். மாலையில் பார்த்தால் நோட்டில் இப்படி ஆறு வாக்குகள் இருந்தன. வந்தவர்கள் கடிதத்தில் முதலில் தேடுவது இவற்றைத்தான். ஸ்லைடுகள் மட்டும் போய் இந்த ஆறும் போகாவிட்டால், நன்றியை எவ்வளவு அழகாக எழுதியும் பயனில்லை.

கடிதம் இரண்டாக இருக்க வேண்டும். பேச்சாளர்களுக்கானது முதலில் போக வேண்டும், மறுநாள் காலையிலேயே. அவர்கள் சம்மதம் இல்லாமல் அவர்கள் ஸ்லைடுகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மேடையில் காட்டியதெல்லாம் ஊருக்குக் கொடுக்கச் சம்மதித்தது ஆகிவிடாது. ஸ்லைடில் வேறொருவர் எடுத்த படம் இருக்கலாம், ஒரு வீட்டுக்காரரின் முகவரி இருக்கலாம், ஸ்லைடின் அடியில் பேச்சாளர் தனக்காக எழுதிய குறிப்புகள் இருக்கலாம். ஒருவருக்கு நாங்கள் எழுதியது இது:

“வணக்கம் ஐயா. நேற்று நீங்கள் வடிகட்டிக் குழியின் குறுக்குவெட்டைப் பலகையில் வரைந்தபோது பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். உணவு இடைவேளையிலும் அதைப் பற்றியே பேச்சு. மிக்க நன்றி. உங்கள் ஸ்லைடுகளை வந்தவர்களுக்கு அனுப்பலாமா? ஒன்பதாவது ஸ்லைடில் வீட்டு எண் தெரிகிறது, நீக்கிவிட்டு அனுப்பட்டுமா? களிமண் தரைக்கான அளவைப் புதன்கிழமைக்குள் தர இயலுமா? பயணச் செலவு வெள்ளியன்று உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.”

தான் செய்த எது அரங்கில் எடுபட்டது என்று பேச்சாளருக்கு மேடையிலிருந்து தெரிவதில்லை. அதைச் சொன்னால் அந்த நன்றி அவருக்கு மட்டும் உரியதாகிறது. நால்வருக்கும் ஒரே வாசகம் போனால், அவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது அது தெரிந்துவிடும். பணம் வரும் நாளைச் சொல்வதும் மரியாதையில் சேர்ந்ததுதான். அவராக அதைக் கேட்க வைக்கக் கூடாது. சம்மதம் கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் ஒருமுறை போனில் கேட்பது நல்லது.

தமிழில் ஸ்லைடு செய்பவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. இப்போதும் சிலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘மழைநீர்’ என்பது kioePu; என்று தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று வாசகர் மூடிவிடுவார். அதனால் பேச்சாளரைத் தன் கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கித் தரச் சொல்கிறோம். அதில் எழுத்துருவும் கூடவே பொதிந்து வரும், குறிப்புகளும் பொதுவாக வெளியே போகாது. ஆனால் பாமினியில் அடித்த பி.டி.எஃப்.-இல் தமிழ்ச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது, நகலெடுத்தாலும் அதே குழப்பம்தான். யூனிகோடில் அடித்தால்தான் இது தீரும்.

சம்மதங்கள் வந்த பிறகு, புதன் அல்லது வியாழன், வந்தவர்களுக்கான கடிதம் போகலாம். அது போனில் படிக்கப்படும் என்று நினைத்து எழுத வேண்டும். நன்றி இரண்டு வரி போதும். அடுத்து கோப்புகள், ஒவ்வொன்றும் என்ன என்று ஒரு வரியோடு. final_new2 என்ற பெயரில் போகும் கோப்பை ஒரு மாதம் கழித்து யாராலும் தேடி எடுக்க முடியாது. ‘கூரை நீர் கணக்குத் தாள்’ என்று பெயர் வைத்து, “100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும், உங்கள் கூரை அளவை நிரப்பிப் பாருங்கள்” என்று அடியில் எழுதினோம். அதிகம் பேர் திறந்தது அந்தக் கோப்பைத்தான் என்று பிறகு வந்த பதில்களிலிருந்து தெரிந்தது.

ஜிமெயிலில் இணைப்பாக 25 எம்.பி. வரைதான் போகும். படங்கள் நிறைந்த நான்கு ஸ்லைடு கோப்புகள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதால் டிரைவ் கோப்புறையின் இணைப்பைத் தருவதே வழி. முகவரிகள் எல்லாம் Bcc கட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, எங்களுக்கு அது போதுமானது. அனுப்புவதற்கு முன் உலாவியில் மறைமுகச் சாளரத்தைத் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் இணைப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். அங்கே திறந்தால் எல்லோருக்கும் திறக்கும்.

பெயர் பதிந்துவிட்டு வராதவர்களை மறந்துவிட வேண்டாம். அந்த முறை 44 பேர். “வந்தமைக்கு நன்றி” என்று அவர்களுக்குப் போனால் மனம் சுருங்கும். “வர இயலாமல் போனது, கோப்புகள் இதோ” என்று முதல் வரியை மட்டும் மாற்றித் தனியாக அனுப்பினோம்.

கடைசியில் தொடர்புக்கான அழைப்பு. “எப்போது வேண்டுமானாலும் தொடர்பு கொள்ளுங்கள்” என்று எழுதியபோது ஒருவரும் எழுதவில்லை. அடுத்த முறை, “உங்கள் வீட்டுக் கூரையின் நீள அகலத்தையும் தரை மணலா களிமண்ணா என்பதையும் இந்தக் கடிதத்துக்கே பதிலாக அனுப்புங்கள், குழி எவ்வளவு ஆழம் வேண்டும் என்று பத்து நாளில் சொல்கிறோம்” என்று எழுதினோம். 19 பேர் அனுப்பினார்கள். பேச்சாளர்களின் எண்களைத் தரவில்லை. கேள்விகள் எங்களிடம் வரும், நாங்கள் அவர்களிடம் கேட்டுச் சொல்வோம். இதில் ஒருவரின் உழைப்பு நிச்சயம் தேவை. அது இல்லாத இடத்தில் பத்து நாள் என்று தேதி கொடுக்கக் கூடாது.

ஒரு தவறு மட்டும் ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. கோப்புறை ஒரு தன்னார்வலரின் சொந்தக் கணக்கில் இருந்தது. அவர் வேலை மாறிப் போகும்போது பழைய கோப்புகளை அழித்துவிட்டார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர், “அண்ணே, அந்தக் கணக்குத் தாள் திறக்க மாட்டேங்குது, குழி தோண்ட ஆள் வந்து நிக்கறாங்க” என்று கூப்பிட்டார். அன்று என் பெட்டியில் இருந்த பழைய பிரதியைத் தேடி எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, குழுவின் பெயரில் தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன்.