புகைக்காதவரின் இருமல்

ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு மாதமாக இருமல் என்று வைத்துக்கொள்வோம். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. காய்ச்சலும் இல்லை. இருமல் டானிக், ஆன்டிபயாடிக் எல்லாம் ஆயிற்று. ஒரு நாள் காலையில் துப்பிய சளியில் சிவப்பாக ஒரு கீற்று. பயந்துபோய் எக்ஸ்ரே எடுத்தால், வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு நிழல்.

நம் ஊரில் இந்த இடத்தில் டாக்டர், நோயாளி இருவருக்கும் முதலில் தோன்றுவது டிபி. அது நியாயம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சிக்கல் அதற்கடுத்த படியில் வருகிறது. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், நிழலை மட்டும் நம்பி ஆறு மாத டிபி மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். சளியில் கிருமி தெரியாத டிபியும் உண்டு என்பதால் இதை முழுத் தவறு என்றும் சொல்ல முடியாது. ஆனால் நிழல் புற்றுநோயாக இருந்தால், அந்த மாதங்களில் அது வளர்ந்துகொண்டே போகும். "இவர்தான் புகைப்பதே இல்லையே" என்ற எண்ணம் சந்தேகத்தையே எழ விடுவதில்லை.

உலக அளவில் நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில் 10 முதல் 25 விழுக்காட்டினர் புகைப் பழக்கமே இல்லாதவர்கள். ஆசியப் பெண்களிடம் இந்தப் பங்கு இன்னும் அதிகம். அடுத்தவர் விடும் புகை, விறகடுப்பு, கரி அடுப்பு, காற்று மாசு எல்லாம் காரணமாகலாம். வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் அறிவித்தது. ஆனாலும் ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு இதனால்தான் வந்தது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது. இவர்களுக்கு அதிகம் வருவது அடினோகார்சினோமா என்ற வகை. நுரையீரலின் ஓரப் பகுதியில் வளர்வதால், பெரிய மூச்சுக்குழாயைத் தொடும்வரை இருமலோ ரத்தமோ வராமலே இருந்துவிடலாம்.

எக்ஸ்ரே இயல்பாக இருக்கிறது என்றாலும் நிம்மதி அடைய முடியாது. இதயத்துக்குப் பின்னாலும் காறை எலும்புக்கு அடியிலும் ஒரு சிறு கட்டி மறைந்துகொள்ளும். ஆகவே இருமல் நிற்கவில்லை, ரத்தமும் வருகிறது என்றால் சி.டி. ஸ்கேன் தேவை. கட்டி எங்கே, எவ்வளவு பெரியது, நெறிக்கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்பதெல்லாம் அதில் தெரியும். முள் முள்ளாக நீண்ட விளிம்பு சந்தேகத்தைக் கூட்டும். பெட் ஸ்கேன் புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்ட உதவும். ஆனால் டிபி கட்டியும் அதில் அதே போல ஒளிரும். எந்த ஸ்கேனும் சந்தேகத்தை வலுவாக்கலாமே தவிர உறுதிப்படுத்தாது. சதையை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

கட்டி மூச்சுக்குழாய்க்கு அருகில் இருந்தால் பிராங்கோஸ்கோப் குழாயை உள்ளே விட்டு எடுப்பார்கள். நம் உதாரணப் பெண்ணுக்குப் போல ஓரத்தில் இருந்தால், சி.டி. பார்த்துக்கொண்டே ஊசியால் எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோல் மரத்துப்போக ஊசி போட்டு, "மூச்சை அடக்குங்க" என்று சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்துவார்கள். நூலிழை போன்ற சில சதைத் துண்டுகள் கிடைக்கும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து சேருவதுதான் இதில் அடிக்கடி வரும் சிக்கல். அதனால் சில மணி நேரம் படுக்கவைத்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். பெரும்பாலும் கசிவு தானே சரியாகும். சிலருக்குக் குழாய் போட நேரும்.

பலரும் தவறவிடும் ஒன்று இங்கேதான் இருக்கிறது. சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் புற்றுநோயைப் பார்க்கலாம், ஆனால் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். இரண்டும் சந்தேகம் என்றால் ஒரு துண்டைச் சலைனில் போட்டுத் தனியே அனுப்ப வேண்டும். அறிக்கையில் "புற்றுச்செல் இல்லை" என்று வந்தாலும் அதையே முடிவாகக் கொள்ளக் கூடாது. ஊசி கட்டியின் அழுகிய நடுப்பகுதிக்குப் போயிருக்கலாம். ஸ்கேன் சந்தேகமாகவே இருந்தால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

புற்றுநோய் உறுதியானாலும் அந்தச் சதைக்கு இன்னொரு வேலை உண்டு. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். புகைக்காதவர்களிடம் இந்த மாற்றங்கள் அதிகம். இருந்தால், நோய் பரவியவருக்கும் தினமும் விழுங்கும் மாத்திரையே முதல் சிகிச்சையாக அமையலாம்.

டிபி மாத்திரை தொடங்கும்போது, "கிருமி தெரிந்ததா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால் சி.டி., பயாப்ஸி தேவையா என்றும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கைநிறைய ரத்தம் வந்தால் எதற்கும் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.